ஓய்வு பெறும் அரசு எழுத்தர் எழுத வேண்டிய கடிதம்: ஓய்வூதியம், பணிச் சான்று, வைப்பு நிதி மூன்றையும் முறையாகக் கேட்பது எப்படி

அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெறப் போகிறவர்கள் கொண்டுவந்த கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குக் குறிப்பாணை எழுதிக் கொடுத்தவர்கள்தான். தங்களுக்கென்று ஒரு கடிதம் எழுதும்போது மட்டும் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டி, "ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிரிவும் எதையும் தொடங்க முடியாது.

இங்கே சொல்வது தமிழ்நாடு அரசுப் பணியில் 1.4.2003-க்கு முன் சேர்ந்து, 60 வயது முடிந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு. அதற்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்கு ஓய்வூதியம், வைப்பு நிதி பற்றிய பகுதிகள் பொருந்தாது.

புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறார் ஒருவர். பிறந்த நாள் 14.6.1966. பணியில் சேர்ந்தது 11.11.1991, இராசிபுரத்தில் இளநிலை உதவியாளராக. அப்புறம் ஆத்தூர், அங்கிருந்து ஏற்காடு. இவருடைய கடிதத்தைத்தான் படிப்படியாக எழுதப் போகிறோம்.

1. ஓய்வு நாளைப் பணிப்பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள்

60 வயது எந்த மாதத்தில் முடிகிறதோ, அந்த மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு. நம்மவருக்கு 30.6.2026. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்கள் மட்டும் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவார்கள். 1.6.1966-இல் பிறந்திருந்தால் 31.5.2026 என்றாகிவிடும். இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் தள்ளி எழுதிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதியைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அரசுக்குப் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் உள்ள தேதிதான் கணக்கு. இரண்டும் வேறாக இருந்தால் கடிதத்தில் பணிப்பதிவேட்டுத் தேதியையே எழுதுங்கள். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வேலையை இப்போதே தொடங்குங்கள். பணிப்பதிவேட்டைத் திருத்தலாம் என்று ஓய்வு நெருங்கும் நேரத்தில் கிளம்புவதில் பயனில்லை.

பெயருக்கும் இதே கவனம் வேண்டும். பதிவேட்டில் தலைப்பெழுத்து முன்னாலும், வங்கியில் அப்பா பெயர் முழுதாகப் பின்னாலும் இருப்பது சர்வ சாதாரணம். மனைவி அல்லது கணவர் பெயரையும் சரிபாருங்கள். நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் அந்தப் பெயரில்தான் போகும்.

2. பணிக்காலம் முழுதும் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்

கடிதம் எழுத உட்காருவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். தாமதங்களில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

பணிப்பதிவேட்டைப் பார்வையிட அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: எந்த அலுவலகம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அந்தக் காலத்துக்குப் பணிச் சரிபார்ப்புச் சான்று பதிவாகியிருக்கிறதா. சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணி சரிபார்க்கப்பட்டது என்று அலுவலகத் தலைவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தேதிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு போகவேண்டும். ஒரு சான்று 31.3.1995-இல் முடிந்து அடுத்தது 1.4.1996-இல் தொடங்கினால், நடுவில் ஓராண்டு காற்றில் நிற்கிறது. மாநிலக் கணக்காயர் அலுவலகம் அதைக் கேட்காமல் விடாது.

சேலம் மாவட்டக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1.1.1997 முதல் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்குகிறது. அதற்கு முன் இராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாம் சேலம் மாவட்டம். நம்மவர் 1991-இல் இராசிபுரத்தில் சேர்ந்தபோது சேலம் மாவட்ட ஊழியர். இன்று அந்த அலுவலகம் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சரிபார்ப்பு விடுபட்டிருந்தால் சேலத்தில் தேடிப் பயனிருக்காது. இன்றைய அலுவலகத் தலைவர் வழியாக இராசிபுரத்துக்கு எழுதி, பழைய சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சான்று அனுப்பச் சொல்ல வேண்டும். பழைய பட்டியல்களைத் தேடி எடுப்பது ஒருநாள் வேலை இல்லை. அதனால்தான் ஓராண்டு முன்பே தொடங்கச் சொல்கிறேன்.

பதிவேட்டில் கூடவே பார்க்க வேண்டியவை: பணி வரன்முறை செய்த ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, தேர்வுநிலை, சிறப்புநிலை பெற்ற ஆணைகள், ஒவ்வோர் ஊதியக் குழுவின்போதும் நடந்த ஊதிய நிர்ணயம். ஊதிய நிர்ணயத்தில் எங்காவது ஒருபடி தவறியிருந்தால் அது கடைசி ஊதியம் வரை கூடவே வரும். கூடுதலாகப் பெற்றிருந்தால் ஓய்வு நேரத்தில் பிடித்தம் வந்து நிற்கும்.

பதிவேடு இணையத்தில் ஏற்றப்பட்டுவிட்டதே, இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றியவர்கள் காகிதத்தில் இருந்ததைத்தான் ஏற்றினார்கள். காகிதத்தில் இல்லாத சான்று அங்கேயும் இருக்காது.

3. வைப்பு நிதிக் கணக்குச் சீட்டுகளை ஆண்டுவாரியாக ஒப்பிடுங்கள்

பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை வைத்திருப்பது சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம். உங்கள் அலுவலகம் பிடித்தம் செய்து பட்டியல் அனுப்புகிறது. அங்கே வரவு வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பணம் காணாமல் போவதைத்தான் விடுபட்ட வரவு என்கிறோம்.

ஒப்பிடும் முறை எளிது. ஓர் ஆண்டுச் சீட்டை எடுங்கள். அதன் தொடக்க இருப்பு முந்தைய ஆண்டின் இறுதி இருப்போடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மாதச் சந்தாவைப் பன்னிரண்டால் பெருக்கி, சீட்டில் உள்ள வரவோடு ஒப்பிடுங்கள்.

நம்மவர் ஜூன் 2011-இல் ஆத்தூரிலிருந்து ஏற்காட்டுக்கு மாறினார். அப்போது சந்தா மாதம் 2,000 ரூபாய். 2011-12 சீட்டில் 24,000 இருக்க வேண்டும், 20,000தான் இருக்கிறது. இரண்டு மாதச் சந்தா வரவில்லை. எந்த மாதங்கள் என்று தெரியாவிட்டால் மாறுதல் நடந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் முதலில் பாருங்கள். புதிய அலுவலகத்தில் பட்டியல் எழுதும்போது கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும், அல்லது எண்ணோடு வரும் துறைக் குறியீடு தவறாக விழுந்திருக்கும். பணம் அரசுக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், உங்கள் பெயரில் மட்டும் ஏறியிருக்காது.

ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் கைக்கு வருகிறது. ஆகவே ஒரு கணக்காண்டில் வருவது மார்ச் முதல் பிப்ரவரி வரையிலான சம்பளப் பிடித்தங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று எண்ணினால், சந்தாவை மாற்றிய ஆண்டுகளில் இல்லாத வித்தியாசம் தெரியும்; வீணாக அலைவீர்கள்.

விடுபட்ட வரவைச் சரிசெய்ய, "2011-12இல் 4,000 ரூபாய் குறைகிறது" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. எந்த மாதச் சம்பளம், எவ்வளவு தொகை, எந்தக் கருவூலம், பட்டியல் எந்த நாளில் பணமாக்கப்பட்டது, கருவூலச் சான்றுச்சீட்டு எண் என்ன, பட்டியலில் எழுதியிருந்த கணக்கு எண் என்ன என்ற விவரம் வேண்டும். பணம் பெற்று வழங்கும் அலுவலரின் சான்றோடு பட்டியலின் நகலும் போகவேண்டும். சான்றுச்சீட்டு எண்ணும் தேதியும் இருந்தால்தான் அங்கே உள்ளவர்கள் அந்த மாத மூட்டையைப் பிரித்துத் தேட முடியும். விட்டுப்போன 4,000 ரூபாய்க்கு இத்தனை ஆண்டு வட்டியும் சேர்த்து வரவாகும் என்பதால் சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நீங்கள் முன்பணம் வாங்கியது சீட்டில் பற்று வைக்கப்படாமல் இருக்கலாம். இருப்பு கூடுதலாகத் தெரியும். நல்லதாகப் போயிற்று என்று பேசாமல் இருந்தால் இறுதிக் கணக்கில் வட்டியோடு கழிப்பார்கள். பணம் கொடுத்தபின் கண்டுபிடித்தால் திருப்பிக் கேட்பார்கள். அதையும் நீங்களே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

4. கடிதம் யாருக்கு, எந்தச் சொல்லில்

ஓய்வு பெற ஆணை வழங்குவது உங்களை நியமிக்கும் அதிகாரி. நம்மவருக்கு மாவட்ட ஆட்சியர். ஆகவே பெறுநர் ஆட்சியர், வழி வட்டாட்சியர். உரிய வழியை விட்டு நேராக ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் அது மறுபடி ஏற்காட்டுக்குக் குறிப்புரை கேட்டு மலையேறி வரும். மாநிலக் கணக்காயருக்கு நேரடியாக எழுதுவதிலும் பயனில்லை. அலுவலகம் அனுப்பும் ஓய்வூதியக் கருத்துருவைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

சொல் விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. "பணியிலிருந்து விலகுகிறேன்", "பணி விலகலை ஏற்றுக்கொள்ளவும்", "ராஜினாமா" ஆகிய சொற்கள் கடிதத்தில் எங்கேயும் வரக்கூடாது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னால் இப்படித்தான் வந்து விழும். ஓய்வூதிய விதிகளின்படி பணி விலகல் என்பது அதுவரை செய்த பணிக்காலத்தை இழக்கச் செய்யும் செயல். வயது முதிர்வில் ஓய்வு பெறுகிறவர் கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து யாரும் உடனே ஓய்வூதியத்தை மறுத்துவிடப் போவதில்லை. ஆனாலும் விளக்கம் கேட்டுக் கோப்பு ஒரு சுற்று திரும்பிவரும்.

"விருப்ப ஓய்வு" என்பதும் வேறு. அது வயது வருவதற்கு முன்பே மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்துப் போவது. நீங்கள் எழுத வேண்டியது: "வயது முதிர்வின் காரணமாக 30.6.2026 பிற்பகல் ஓய்வு பெற உள்ளேன்."

5. கோரிக்கைகளைப் பிரித்து எண்ணிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஒன்றுதான், கோரிக்கைகள் போகும் இடங்கள் வேறு வேறு. ஓய்வூதியமும் பணிக்கொடையும் மாநிலக் கணக்காயரின் ஓய்வூதியப் பிரிவுக்குப் போகும். பொது வருங்கால வைப்பு நிதி அதே அலுவலகத்தின் வைப்பு நிதிப் பிரிவுக்குப் போகும். அங்கே இருவரும் வேறு வேறு ஆட்கள். சிறப்பு சேமநல நிதி மற்றும் பணிக்கொடைத் திட்டம் என்று ஊதியத்தில் சிறு தொகை பிடித்தார்களே, அது சென்னைக்குப் போகாது. உங்கள் அலுவலகமே பட்டியல் போட்டுக் கருவூலத்தில் பெற்றுத் தர வேண்டியது. பணிச் சான்று உங்கள் அலுவலகத் தலைவர் கையெழுத்தில் முடிந்துவிடும்.

"வைப்பு நிதி நிலுவையை வழங்குக" என்று ஒரே வரியில் எழுதினால், பொது வைப்பு நிதியை மட்டும் அனுப்பிவிட்டுச் சிறப்பு சேமநல நிதியை மறந்துவிடுவார்கள். ஓய்வு பெற்றுப் பல மாதம் கழித்து, "சார், அந்த இருபது ரூபாய் பிடிச்சாங்களே, அது என்னாச்சு?" என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் தனி எண் கொடுத்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

பிரிப்பதற்கு இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால், அல்லது தணிக்கைத் தடை நிலுவையில் இருந்தால், பணிக்கொடையில் கை வைப்பார்கள். விதி அதற்கு இடம் தருகிறது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் பணிக்கொடையை நிறுத்தி, தற்காலிக ஓய்வூதியம் மட்டும் தருவார்கள். வைப்பு நிதி உங்கள் சொந்தச் சேமிப்பு. மேலே சொன்ன தடைகளுக்காக அதை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையாக எழுதும்போது, ஒன்றுக்கு வந்த தடையைச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி வைத்துவிடுகிறார்கள். எண்ணிட்டுக் கேட்டிருந்தால், "கோரிக்கை 3-க்குத் தடை எதுவும் இல்லையே, அதை அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேட்கலாம்.

ஜூன் 30-இல் ஓய்வு பெறும் சிலருக்குக் கடிதத்தில் கூடுதலாக ஒரு கோரிக்கை வேண்டும். ஊதிய உயர்வு ஜூலை 1-இல் வருகிறவர், ஓராண்டு முழுக்க வேலை செய்துவிட்டு அந்த உயர்வைத் தொடாமலே போகிறார். ஓய்வுக்கு மறுநாள் ஊதிய உயர்வு வரவேண்டியவர்களுக்கு அதை ஓய்வூதியக் கணக்குக்கு மட்டும் கருத்தியலாகச் சேர்த்துக்கொள்ள 31.12.2014 நாளிட்ட நிதித்துறை அரசாணை எண் 311 இருக்கிறது. மற்ற காலாண்டுகளில் ஓய்வு பெறுகிறவர்களும் தங்கள் ஊதிய உயர்வு தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகமே செய்யும் என்று விட்டுவிடாமல் கேட்டு எழுதுங்கள்.

ஏற்காட்டில் வேலை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலைப்படி ஓய்வூதியக் கணக்கில் சேராது. வீட்டு வாடகைப் படியும் சேராது. அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய், தகுதியுள்ள பணிக்காலம் 30 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் ஓய்வூதியம் அதில் பாதி, 30,000, அதன்மேல் அகவிலைப்படி. மலைப்படியைச் சேர்த்து மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தவர்கள், ஆணை வந்ததும் குறைந்துவிட்டது என்று மனு எழுதுகிறார்கள். அந்த மனுவில் பயனில்லை.

6. கடிதம்

ஓய்வுக்கு எட்டு மாதம் முன்னால் கொடுப்பது நல்ல நேரம். அதற்கு முன் கொடுத்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். ரொம்பப் பிந்தினால் கருத்துரு ஒருமுறை திரும்பி வந்தாலும் ஓய்வு நாளுக்குள் ஆணை வராது. நம்மவர் கடிதம் இப்படி இருக்கும்:

> அனுப்புநர்:
> (பெயர்),
> உதவியாளர்,
> வட்டாட்சியர் அலுவலகம்,
> ஏற்காடு.
>
> பெறுநர்:
> மாவட்ட ஆட்சியர்,
> சேலம்.
> (வழி: வட்டாட்சியர், ஏற்காடு)
>
> ஐயா,
>
> பொருள்: பணியமைப்பு – வருவாய்த் துறை – சேலம் மாவட்டம் – ஏற்காடு வட்டாட்சியர் அலுவலக உதவியாளர் – 30.6.2026 பிற்பகல் வயது முதிர்வு ஓய்வு – ஓய்வூதியப் பயன்கள், பணிச் சான்று, வைப்பு நிதி இறுதித் தொகை வழங்கக் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: 1. எனது பணிப்பதிவேடு. 2. பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண் (எண், துறைக் குறியீட்டுடன்).
>
> நான் 11.11.1991 முற்பகல் இராசிபுரத்தில் இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்தேன். எனது பிறந்த தேதி 14.6.1966. வயது முதிர்வின் காரணமாக 30.6.2026 பிற்பகல் ஓய்வு பெற உள்ளேன். அன்று வரை எனது மொத்தப் பணிக்காலம் 34 ஆண்டு, 7 மாதம், 20 நாள் ஆகும். கீழ்க்கண்டவற்றைத் தனித்தனியே பரிசீலித்து ஆணை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. 30.6.2026 பிற்பகல் ஓய்வு பெறுவதற்கான ஆணை.
>
> 2. ஓய்வூதியம், பணிக்கொடை, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்துப் பெறுதல் ஆகியவற்றுக்கான கருத்துருவை மாநிலக் கணக்காயருக்கு அனுப்புதல். எனது ஊதிய உயர்வு 1.7.2026-இல் வரவேண்டியது என்பதால், அதை அரசாணை எண் 311, நிதித்துறை, நாள் 31.12.2014-இன்படி ஓய்வூதியக் கணக்கில் சேர்த்தல்.
>
> 3. பொது வருங்கால வைப்பு நிதி இறுதித் தொகைக்கான விண்ணப்பத்தை அனுப்புதல். 2011-12ஆம் ஆண்டில் விடுபட்ட இரண்டு மாத வரவு (ரூ.4,000) பற்றிய விவரம் இணைப்பில் உள்ளது, அதையும் வட்டியுடன் சேர்த்துக் கணக்கிடப் பரிந்துரைத்தல்.
>
> 4. சிறப்பு சேமநல நிதி மற்றும் பணிக்கொடைத் திட்டத்தில் எனக்குச் சேர வேண்டிய தொகையை வழங்குதல்.
>
> 5. கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பு, சொந்தக் காரணத்திற்கான ஈட்டா விடுப்பு ஆகியவற்றுக்குரிய பணப்பயன் வழங்குதல்.
>
> 6. நான் பணியாற்றிய பதவிகள், அலுவலகங்கள், தேதிகள் குறிப்பிட்ட பணிச் சான்றும், பணிப்பதிவேட்டின் சான்றிட்ட நகலும் வழங்குதல்.
>
> என் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை. அரசுக்குச் செலுத்த வேண்டிய முன்பணப் பாக்கி எதுவும் இல்லை.
>
> ஓய்வுக்குப் பின் எனது முகவரி: (முகவரி, கைபேசி எண்).
>
> இணைப்பு: பட்டியலின்படி.
>
> இடம்: ஏற்காடு
> நாள்: 27.10.2025
>
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)

மொத்தப் பணிக்காலத்தை எழுதுங்கள். தகுதியுள்ள பணிக்காலம் இவ்வளவு என்று நீங்களே முடிவு கட்டி எழுத வேண்டாம். மருத்துவக் காரணமில்லாத ஊதியமில்லா விடுப்பு போன்றவற்றைக் கழித்து அதைக் கணக்கிடுவது அலுவலகத்தின் வேலை. உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் வேறுபட்டால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

கடைசியில் வரும் அந்த இரண்டு வாக்கியங்களையும் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். வீடு கட்ட வாங்கிய முன்பணத்தில் அசல் முடிந்து வட்டி மட்டும் நிற்பது பலருக்குத் தெரிவதில்லை. பாக்கி இருந்தால் எவ்வளவு, எப்போது முடியும் என்று எழுதிவிடுவது நல்லது.

பணிச் சான்றைப் பற்றிச் சிறு விளக்கம். பணிப்பதிவேட்டில் உள்ள சரிபார்ப்புச் சான்றும் இதுவும் ஒன்றல்ல. அது ஓய்வூதியத்துக்காக அலுவலகம் தனக்குள் எழுதிக்கொள்வது. பணிச் சான்று உங்கள் கையில் இருப்பது. ஓய்வுக்குப் பின் வேறு வேலைக்குப் போனாலோ, எங்காவது பணியை நிரூபிக்க வேண்டியிருந்தாலோ உதவும். எந்தெந்த விவரம் இருக்க வேண்டும் என்று கடிதத்திலேயே சொல்லாவிட்டால், "இவர் இவ்வலுவலகத்தில் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரிச் சான்று வரும். அதில் இராசிபுரமும் இருக்காது, ஆத்தூரும் இருக்காது.

7. இணைப்புகளைக் கோரிக்கை எண்ணின்படி அடுக்குங்கள்

எல்லாத் தாளையும் ஒரே கட்டாகக் குத்தாதீர்கள். கோரிக்கை 2-க்கு ஒரு கட்டு, 3-க்கு ஒரு கட்டு. பிரிவு எழுத்தர் அந்தக் கட்டை அப்படியே எடுத்து உரிய கோப்பில் போட முடியும்.

இரண்டாம் கட்டில் ஓய்வூதியப் படிவங்கள், மனைவி அல்லது கணவருடன் எடுத்த கூட்டுப் புகைப்படம், மாதிரிக் கையொப்பம், அங்க அடையாளம், குடும்ப உறுப்பினர் விவரம், பணிக்கொடைக்கான நியமனம், வங்கிக் கணக்குப் புத்தக முதல் பக்கம், பான், ஆதார் நகல்கள். குடும்ப விவரத்தில் மாற்றுத்திறனாளியான பிள்ளை இருந்தால் அதற்குரிய மருத்துவச் சான்றோடு இப்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்ப்பது பிள்ளைக்கு மிகவும் கஷ்டம்.

தொகுத்துப் பெறுவதற்கான விண்ணப்பத்தையும் இதோடு வைத்துவிடுங்கள். ஓய்வு பெற்று ஓராண்டுக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் வேண்டும்.

மூன்றாம் கட்டில் இறுதித் தொகை விண்ணப்பம், கடைசிக் கணக்குச் சீட்டு, விடுபட்ட வரவுக்கான விவரமும் சான்றும், வாங்கிய முன்பணங்களின் பட்டியல். நியமனப் படிவத்தையும் பாருங்கள். திருமணத்துக்கு முன் அம்மா பெயரில் கொடுத்ததை அப்படியே விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

8. கொடுத்ததற்கு அடையாளம் வாங்குங்கள்

இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். சொந்த அலுவலகம்தானே, பக்கத்து மேசைக்காரர்தானே என்று கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். பக்கத்து மேசைக்காரருக்கு அடுத்த மாதம் மேட்டூருக்கு மாறுதல் வரும்.

சில நாள் கழித்துத் தன்பதிவேட்டில் அதற்கு என்ன ந.க. எண் விழுந்திருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் எழுதும் எல்லாக் கடிதத்திலும் "பார்வை" என்ற இடத்தில் அந்த எண் இருக்க வேண்டும். எண் இல்லாத நினைவூட்டு புதுத் தபாலாகப் பதிவாகி, வேறொரு கோப்பைத் திறந்துவிடும்.

9. கருத்துரு திரும்பி வந்தால்

மாநிலக் கணக்காயர் அலுவலகம் ஏதாவது கேட்டால் உங்கள் அலுவலகத்தைத்தான் கேட்கும். பல நேரம் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. "சென்னைக்கு அனுப்பியாச்சு சார்" என்ற பதிலில் திருப்தி அடையாமல், எந்தத் தேதியில் அனுப்பினார்கள், அதற்குப் பிறகு ஏதாவது வந்ததா என்று மாதம் ஒருமுறை கேளுங்கள்.

திரும்பி வந்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். இராசிபுரக் காலத்துச் சான்று இல்லை என்பது ஒரு வகை. அதற்கு ஆவணம் வேண்டும். படிவத்திலும் பதிவேட்டிலும் பெயர் வேறுபடுகிறது என்பது இன்னொரு வகை. அதற்கு அலுவலகத் தலைவரின் சான்று போதும். எது கேட்டார்களோ அதற்கு மட்டும், அவர்கள் கேட்ட வரிசையிலேயே பதில் போகவேண்டும். கேட்காததைச் சேர்த்து அனுப்பினால் அதிலிருந்து புதுக் கேள்வி வரும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஓய்வூதியக் கொடுப்பாணை, பணிக்கொடை ஆணை, தொகுப்புத் தொகை ஆணை மூன்றும் வரும். வைப்பு நிதிக்கான அதிகார ஆணை தனியாக வரும். கருவூலத்துக்குப் போவதற்கு முன்பே கொடுப்பாணையில் நான்கு இடங்களைப் பாருங்கள்: உங்கள் பெயர், துணைவர் பெயர், கடைசி ஊதியம், எந்தக் கருவூலத்தில் பெறுவது. ஓய்வுக்குப் பின் மலையிலிருந்து இறங்கிச் சேலத்தில் குடியேறப் போகிறவர் ஏற்காட்டிலேயே ஓய்வூதியம் பெறுவதாகப் படிவத்தில் எழுதியிருந்தால், கருவூல மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கடைசி ஊதியத்தில் ஜூலை மாதக் கருத்தியல் உயர்வு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சேரவில்லை என்றால் கோரிக்கை 2-ஐயும் ந.க. எண்ணையும் காட்டி, திருத்தக் கருத்துரு அனுப்பும்படி வட்டாட்சியருக்கு அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.